அனுப்பிய பிறகு இரண்டு நிமிடம்: ரிப்ளை ஆல் தவறைத் தடுக்கும் அமைப்புகள், நீண்ட நாள் பயன்பாட்டில்

"அனுப்பட்டுமா?" என்று கேட்கும் பெட்டி சீக்கிரம் பழகிப்போய்விடுகிறது. ஒருவருக்கு எழுதிய பதில் கை தவறி எல்லோருக்கும் போவதைத் தடுக்க, அனுப்பச் சொன்ன பிறகும் மெயிலைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும் அமைப்புதான் வருடக்கணக்கில் உதவுகிறது. மதுரை வடக்கு மாசி வீதியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவுட்லுக், ஜிமெயில், தண்டர்பேர்ட் மூன்றையும் நாள் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது.

எங்கள் தொழிலில் ஒரே மெயிலில் எதிரெதிர்ப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து இருப்பார்கள். அதனால்தான் இது எங்களுக்கு இவ்வளவு முக்கியம். சோழவந்தான் பக்கம் ஓர் அரிசி ஆலை எங்கள் கட்சிக்காரர். வங்கியில் கேஷ் கிரெடிட் என்ற கடன் கணக்கு வைத்திருக்கிறார்கள். கையிருப்பு நெல், அரிசி, வெளியில் வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் காட்டி மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். அந்த மதிப்பில் மார்ஜினைக் கழித்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்யும். அதில் ஒரு சந்தேகம் கேட்டு வங்கியிலிருந்து மெயில் வந்தது. டு-வில் ஆலையின் இரண்டு பங்குதாரர்கள். சிசியில் ஆலைக் கணக்கர், எங்கள் ஆடிட்டர் சார், எங்கள் அலுவலகத்தின் பொது முகவரி.

எங்களிடம் ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டு சாருக்கு ஒரு கேள்வி எழுதினான். "சார், ஸ்டேட்மெண்டில் இருக்கும் கையிருப்பு பர்சேஸ் ரெஜிஸ்டரோடு ஒத்துப்போகவில்லை. கூட்டிக் காட்டியிருக்கிறார்களோ என்று தோன்றுகிறது. வங்கிக்குப் பதில் சொல்வதற்கு முன் ஆலையில் கேட்டுவிடலாமா?" கேட்கவேண்டிய கேள்விதான். சார் ஒருவர் கண்ணில் மட்டும் படவேண்டிய கேள்வி. அவன் கை ரிப்ளை ஆலில் விழுந்துவிட்டது. அவுட்லுக்கில் ரிப்ளை ஆலும் ஃபார்வர்டும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன.

அனுப்பிய மறு நொடியே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, பேங்க் மேனேஜருக்கும் சேர்த்துப் போயிருச்சுக்கா" என்று எழுந்து நின்றுவிட்டான். "போயிருக்காதுப்பா, அவுட்பாக்ஸைத் திற" என்றேன். மெயில் அங்கேயே சாய்ந்த எழுத்தில் காத்துக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டு சாரிடம் நேரில் போய்க் கேட்டான். சார் ஆலைக்குப் போன் போட்டார். மாதக் கடைசியில் லாரியில் வந்திறங்கிய ஒரு லோடு நெல்லுக்கு அடுத்த மாதத் தேதியில் பில் போட்டிருந்தார்கள். சரக்கு கிடங்கில் இருந்தது, ரெஜிஸ்டரில் இல்லை, அவ்வளவுதான். அந்த மெயில் வங்கிக்குப் போயிருந்தால், கணக்கு எழுதுபவர்களே ஆலையைச் சந்தேகப்படுகிறார்கள் என்று எழுத்தில் பதிவாகியிருக்கும். அதற்கப்புறம் எந்த விளக்கம் சொன்னாலும் எடுபடாது. திரும்பப் பெறும் ரீகால் வசதியும் இங்கே கைகொடுக்காது. அது ஒரே நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் அமைப்புக்குள் இருப்பவர்களுக்கு இடையில்தான் வேலை செய்யும்.

அவனைக் காப்பாற்றியது பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் நாங்கள் எல்லாக் கணினியிலும் போட்டு வைத்திருக்கும் ஒரு விதி. File மெனுவில் Manage Rules & Alerts, அதில் New Rule. வரும் பட்டியலில் Apply rule on messages I send என்பதை எடுக்கவேண்டும். அடுத்த பக்கத்தில் நிபந்தனை எதையும் குறிக்காமல் Next கொடுத்தால், இது எல்லா மெயிலுக்கும் பொருந்தும், பரவாயில்லையா என்று கேட்கும். Yes சொல்லிவிட்டு defer delivery by a number of minutes என்பதைக் குறித்து, கீழே அடிக்கோடிட்ட இடத்தைச் சொடுக்கி நிமிடத்தைப் போடவேண்டும். 120 வரை போடலாம். முதலில் ஐந்து வைத்துப் பார்த்தோம். "மெயில் இன்னும் வரலையேம்மா" என்று கட்சிக்காரர்கள் போனிலேயே காத்திருந்தார்கள். ஒன்று வைத்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடுகிறது. இரண்டில் நிலைத்துவிட்டோம்.

அடுத்து வரும் விதிவிலக்குப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். except if it is marked as importance என்பதைக் குறித்து High வைத்துவிட்டால், அவசரக் குறி போட்ட மெயில் மட்டும் தாமதமில்லாமல் போகும். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் நெருக்கடியில், சலான் நகலை இப்போதே அனுப்புங்கள் என்று ஒருவர் போனில் நிற்கும்போது இது வேண்டும். இந்த வழி இல்லாவிட்டால், அவசரம் என்று வரும் முதல் நாளிலேயே யாராவது விதியை முழுசாக அணைத்துவிடுவார்கள். அப்புறம் திரும்பப் போட நினைவிருக்காது.

குறையும் இருக்கிறது. இந்த விதி சர்வரில் ஓடுவதில்லை, உங்கள் கணினியில் ஓடுகிறது. எங்களைப் போல ஐமேப் கணக்கு வைத்திருப்பவர்கள் அனுப்பு என்று அழுத்திவிட்டு உடனே கணினியை அணைத்தால், மெயில் அவுட்பாக்ஸிலேயே தங்கிவிடும். மறுநாள் அவுட்லுக்கைத் திறக்கும்போதுதான் போகும். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அணைத்துவிட்டுப் போன ஒருவரின் மெயில் திங்கட்கிழமைதான் போனது. கிளம்பும்போது அவுட்பாக்ஸ் காலியா என்று பார்ப்பது இப்போது எங்கள் அலுவலகப் பழக்கம். இன்னொன்றும் உண்டு. அவுட்பாக்ஸில் இருக்கும் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு வெறுமனே மூடினால், அது போகாமல் அங்கேயே கிடக்கும். சாய்ந்த எழுத்து நேராகிவிடுவதுதான் அடையாளம். மறுபடி Send கொடுத்தால்தான் போகும். புதிய அவுட்லுக்குக்கு மாறினால் இந்த விதி அங்கே கிடையாது. அதில் இருப்பது Undo send, அதிகபட்சம் பத்து விநாடி. எங்களுக்குப் போதவில்லை, அதனால் பழையதிலேயே இருக்கிறோம்.

ஜிமெயிலில் அந்த அளவு தாமதம் கிடைக்காது. ஆனால் இருப்பதைப் பெரும்பாலானவர்கள் முழுசாகப் பயன்படுத்துவதில்லை. See all settings போனால் General பக்கத்திலேயே Undo Send இருக்கிறது. 5, 10, 20, 30 என்று நான்கு அளவு. யாரும் தொடாமல் விட்டால் 5 விநாடிதான், அது கண்ணிமைக்கும் நேரம். 30 வைத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் Default reply behavior என்று ஒன்று இருக்கும், அதில் Reply என்று இருக்கிறதா பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு கணினியில் யாரோ Reply all என்று மாற்றி வைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் பதில் எழுதும் ஒவ்வொரு முறையும் ஆட்களை நாம்தான் கழிக்கவேண்டும். மாற்றியபின் பக்கத்தின் அடிவரை போய் Save Changes அழுத்தாவிட்டால் எதுவும் நிற்காது.

இப்போது கேள்வி கேட்கும் பெட்டிக்கு வருகிறேன். ஆண்ட்ராய்ட் ஜிமெயில் ஆப்பில், General settings உள்ளே Confirm before sending என்று ஒன்று உண்டு. அதைப் போட்டு வைத்திருக்கிறேன், பஸ்ஸில் கை தவறி விழும் தட்டலை அது பிடிக்கிறது. அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. முதல் சில நாள் பெட்டி வந்தால் நின்று படிப்போம். அப்புறம் விரல் தானாக ஓகே தட்டிவிடும். தண்டர்பேர்டிலும் இப்படித்தான். Ctrl+Enter அடித்து அனுப்பினால்தான் அது கேட்கும், பொத்தானைச் சொடுக்கினால் கேட்காது. கேட்கும் பெட்டியிலேயே, இனிமேல் கேட்காதே என்று குறிக்கும் கட்டமும் இருக்கும். இன்னொரு காரணமும் எனக்குத் தெரிகிறது. பெட்டி கேட்கும் நேரத்தில் மனம் இன்னும் எழுதிய விஷயத்திலேயே இருக்கும், யாருக்கு என்பதில் இருக்காது. அனுப்பி முடித்துக் கை ஓய்ந்த பிறகுதான் "ஐயோ, சிசியில் அவர் இருந்தாரே" என்று உறைக்கும். தம்பிக்கும் அப்படித்தான் உறைத்தது. அந்த நேரத்தில் மெயில் இன்னும் நம் கையில் இருக்கவேண்டும்.

ஆனால் தாமதமும் எல்லாவற்றையும் தாங்காது. உறைத்தால்தானே ஓடிப்போய் நிறுத்த முடியும்? உறைக்காத தவறுகளுக்கு முகவரிகளைப் படித்துத்தான் ஆகவேண்டும். ஜிமெயிலில் பதில் எழுதும்போது பெறுநர் வரி சுருங்கி, சில பெயரும் மிச்சத்துக்கு ஓர் எண்ணிக்கையும் மட்டும் காட்டும். அதைச் சொடுக்கி விரித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கச் சொல்கிறோம். எழுதி முடித்தபின் பார்ப்பதைவிட இது நல்லது. யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதும் வார்த்தையே மாறும். படிக்கும்போது பெயரைப் பார்த்துவிட்டு விடாமல் @ குறிக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கவேண்டும். எங்கள் அலுவலக முகவரியா, வெளியாளா என்பதை அதுதான் சொல்லும். ஒரே முகவரிக்குப் பின்னால் ஐந்தாறு பேர் இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. வங்கிக் கிளையின் பொது முகவரியை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

அலுவலகத்துக்குள் கேட்கும் கேள்விக்கு நாங்கள் ரிப்ளையையே தொடுவதில்லை. ஃபார்வர்டு கொடுத்தால் டு வரி காலியாக வரும். சார் முகவரியை நாமே தட்டச்சு செய்யவேண்டும். வங்கி மெயில் விஷயத்தில் தம்பி இப்போது செய்வது இதுதான்.

ரிப்ளை ஆல் தொடாமலேயே எல்லோருக்கும் போகும் வழி ஒன்றும் இருக்கிறது. குழு முகவரி வழியாக வரும் மெயிலில், பதில் குழுவுக்கே போகவேண்டும் என்று குழுவை நடத்துபவர் வைத்திருந்தால், சாதாரண ரிப்ளை கூட அத்தனை பேருக்கும் போய்விடும். தொழில் சங்கக் குழுக்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அங்கே எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது பொருட்டல்ல, டு வரியில் ஆள் பெயர் இருக்கிறதா குழுவின் பெயர் இருக்கிறதா என்பதே பொருட்டு.

பிசிசியில் வந்த மெயிலும் அப்படி ஒரு கண்ணிதான். சார் கட்சிக்காரருக்கு எழுதும்போது எங்களைப் பிசிசியில் வைப்பார். அதற்கு நாங்கள் ரிப்ளை ஆல் கொடுத்தால், எங்களுக்கும் ஒரு நகல் வந்தது அந்தக் கட்சிக்காரருக்குத் தெரிந்துவிடும். டு, சிசி இரண்டிலும் உங்கள் முகவரி இல்லை என்றால் பிசிசியிலோ குழு வழியாகவோ வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெயிலுக்குப் பதில் சாருக்கு மட்டும், அதுவும் புது மெயிலாக.

நாங்கள் பலருக்கும் சேர்த்து அனுப்பும் அறிவிப்புகளை, கடைசித் தேதி நினைவூட்டல் மாதிரியானவற்றை, இப்போது எல்லோரையும் பிசிசியில் போட்டு, டு-வில் எங்கள் முகவரியையே வைத்து அனுப்புகிறோம். அதற்கு ஒருவர் ரிப்ளை ஆல் கொடுத்தாலும் எங்களுக்கு மட்டும்தான் வரும். "என் ரிட்டர்ன் முடிஞ்சதா, ரீஃபண்ட் எவ்வளவு வரும்?" என்று ஒருவர் கேட்பதை இன்னொரு கட்சிக்காரர் படிக்கும் நிலை அதோடு நின்றது.