சொட்டா, சமையலறைத் தராசா, நகைத் தராசா: லோஷனுக்கு வாசனை அளப்பது எப்படி?

மல்லிகை வாசனை எண்ணெய் வாங்கினால், விற்பவரிடம் இஃப்ரா என்ற சர்வதேச வாசனைப் பொருள் சங்கத்தின் விதிப்படி தரப்படும் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பொருளில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் கலக்கலாம் என்று அதில் வகைவாரியாக இருக்கும். உடல் லோஷன் 5ஏ வகை, ஷாம்பு 9ஆம் வகை. உதாரணத்துக்கு, லோஷனுக்கு 0.8%, ஷாம்புவுக்கு 3% என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 200 கிராம் லோஷன் என்றால் 200 × 0.8 ÷ 100 = 1.6 கிராம். அந்த 200 என்பது வாசனையும் சேர்ந்த மொத்த எடை. அதாவது மற்றதெல்லாம் 198.4 கிராம்.

இந்த 1.6 கிராமை அளப்பதில்தான் சிக்கல்.

பலரும் சொட்டு எண்ணுகிறார்கள். மெல்லிய மூக்குள்ள டிராப்பரில் ஒரு சொட்டு சுமார் 0.03 கிராம் வந்தால் 50 சொட்டு 1.5 கிராம், சரி. அடுத்த முறை வாங்கிய பாட்டிலின் வாய் அகலம், ஒரு சொட்டு 0.05 கிராம் என்றால் அதே 50 சொட்டு 2.5 கிராம், அதாவது 1.25%. குறிப்பு நோட்டில் எதுவும் மாறவில்லை, லோஷன் மட்டும் வரம்பைத் தாண்டிவிட்டது.

சமையலறைத் தராசு ஒரு கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டும். "2" என்று காட்டும்போது உள்ளே 1.5 இருக்கலாம், 2.4 கூட இருக்கலாம். இன்னொன்று: மெதுவாகச் சொட்டவிட்டால் பல தராசுகள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, பூஜ்யத்திலேயே நிற்கும். கிண்ணத்தைத் தூக்கி மறுபடி வைத்தால் எண் குதிக்கும், அப்போது தெரியும்.

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசுக்குத்தான் என் ஓட்டு. மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் பொடி எடைக்கு வைத்திருப்பார்களே, அந்த ரகம். சின்னக் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்கி 1.60 வரும்வரை ஊற்றுங்கள். லோஷன் 40 டிகிரிக்குக் கீழே ஆறியதும் கலந்து, அந்த லோஷனிலேயே கொஞ்சம் எடுத்துக் கோப்பையை வழித்துவிடுங்கள். பாட்டில் கணக்கில் செய்கிறவர்களுக்கு மட்டும் சமையலறைத் தராசு போதும்: 5 கிலோவுக்கு 40 கிராம், ஒரு கிராம் பிசகினாலும் பெரிதாகத் தெரியாது.

ஷாம்பு கழுவிவிடுவது, அதனால் வரம்பு தாராளம். அதற்காக 3% வரை போக வேண்டாம். உப்பு போட்டுக் கெட்டியாக்கிய ஷாம்பு அதிக வாசனையில் தண்ணீராக இளகிவிடலாம், கலங்கவும் செய்யலாம். 0.5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு நாள் மூடிவைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

அப்புறம், வீட்டில் மல்லிப்பூவை ஊறவைத்த தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் எவ்வளவு வாசனைப் பொருள் இறங்கியிருக்கிறது என்று எந்தத் தராசும் சொல்லாது.