நீச்சல் குளத்துக்கு '2 எச்.பி. பம்பு' என்று மட்டும் கொட்டேஷன் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். போன வருடம் அங்கே ஒரு குளம் கட்டினோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். அதாவது 40 கன மீட்டர், 40,000 லிட்டர் தண்ணீர். கட்டிக் கொடுத்தவர் 20 இன்ச் சேண்ட் ஃபில்டரும் 2 எச்.பி. பம்பும் மாட்டினார். "பெரிய பம்பா போட்டிருக்கேன் சார், ரெண்டு மணி நேரம் ஓட்டினா போதும், மொத்தத் தண்ணியும் ஃபில்டர் ஆயிடும்" என்றார். நம்பினேன்.

மூன்றாவது வாரமே தண்ணீர் அரிசி கழுவின மாதிரி ஆகிவிட்டது. குளோரின் சரியாக இருந்தது, பி.எச்.சும் சரியாக இருந்தது. இரண்டு மணி நேரத்தை எட்டாக்கினேன், பிறகு பன்னிரண்டாக்கினேன். கரண்ட் பில்தான் ஏறியது. காலையில் பார்த்தால் தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு நேர் கீழே, நீல டைல்ஸ் மேல் விரல் நீளத்துக்கு மணல் கோடு. ஃபில்டருக்குள் இருக்க வேண்டிய மணல் அது. தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவும் பேக்வாஷ் செய்து முடித்த உடனேயே, அழுத்தம் குறைந்திருக்க வேண்டிய நேரத்தில், பிரஷர் கேஜ் 1.5 பார் காட்டியது. பம்பு ஓடும்போது உள்ளே ஜல்லியைப் போட்டு அரைப்பது போல் சத்தம். போன் செய்தால், "கெஸ்ட் ஜாஸ்தி சார், தண்ணியத் தெளிய வைக்கிற கிளாரிஃபையர் ஊத்துங்க" என்ற ஒரே பதில்.

கோயம்புத்தூரில் ஹோட்டல் குளங்களைப் பராமரிக்கும் அண்ணா ஒருவரை வரவழைத்தேன். வந்ததும் அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. டைல்ஸில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, ஃபில்டரின் மல்டிபோர்ட் வால்வை, தண்ணீரை வெளியே கொட்டும் 'வேஸ்ட்' நிலைக்குத் திருப்பி, சரியாக 6 நிமிடம் பம்பை ஓட்டச் சொன்னார். மட்டம் 6 செ.மீ. இறங்கியிருந்தது. குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர், அதனால் ஒரு செ.மீ. என்பது 320 லிட்டர். 6 நிமிடத்தில் 1,920 லிட்டர் என்றால் மணிக்கு 19 கன மீட்டருக்கு மேல்.

பிறகு ஃபில்டரைக் காட்டினார். 20 இன்ச் என்றால் 50 செ.மீ. விட்டம், உள்ளே மணல் பரப்பு 0.196 சதுர மீட்டர்தான். ஒவ்வொரு சதுர மீட்டர் மணல் வழியாகவும் மணிக்கு 30, 40 கன மீட்டர் இறங்கினால் நன்றாக வடிகட்டும், 50-க்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கில் எங்கள் ஃபில்டர் தாங்குவது மணிக்கு 10 கன மீட்டர்தான். ஃபில்டர் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே அது அச்சாகியிருக்கிறது! 'வேஸ்ட்' நிலையில் தண்ணீர் மணலைத் தொடாமல் போவதால் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். மணல் வழியாக 15 என்று குறைத்து வைத்தாலும் வேகம் 76 வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் தண்ணீர் மணலைக் குடைந்து வழி பண்ணிக்கொண்டு, அழுக்கையும் இழுத்துக்கொண்டு குளத்துக்கே திரும்புகிறது. ஃபில்டரைத் திறந்தபோது அடியில் மணலைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் லேட்டரல் குழாய்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. ஜல்லிச் சத்தத்துக்குக் காரணம் உறிஞ்சும் குழாய்: 50 மி.மீ. குழாயில் இவ்வளவு தண்ணீரை இழுத்தால் பம்புக்குப் போதுமான தண்ணீர் வந்து சேராது.

"ரெண்டு மணி நேரத்துல மொத்தத் தண்ணியும்" என்ற பேச்சும் தவறு. ஃபில்டரான தண்ணீர் தனியாக நிற்பதில்லை, அழுக்குத் தண்ணீரோடுதான் கலக்கிறது. 40,000 லிட்டர் ஓடி முடித்தாலும், உண்மையில் ஃபில்டரைத் தொட்டது ஏறக்குறைய 63 சதவீதம். இரண்டு சுற்றில் 86, மூன்று சுற்றில் 95.

கணக்கைக் குளத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார் அண்ணா. 40 கன மீட்டரை 6 மணி நேரத்தில் ஒரு சுற்று ஓட்ட, மணிக்கு 6.7 கன மீட்டர் வேண்டும். அதைத் தாங்கும் ஃபில்டரை முதலில் எடுக்க வேண்டும். கடைசியாகத்தான் பம்பு, அதுவும் எச்.பி. பார்த்து அல்ல, '10 மீட்டர் ஹெட்டில் மணிக்கு எத்தனை கன மீட்டர்' என்று கம்பெனி கொடுக்கும் கர்வ் வரைபடம் பார்த்து. ஹெட் என்பது பம்பு எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுவதற்குச் சமமான எதிர்ப்பைச் சமாளிக்க வேண்டும் என்ற அளவு. இப்போது எங்களிடம் இருப்பது 0.75 எச்.பி. பம்பு, அந்த ஹெட்டில் மணிக்கு 8 கன மீட்டர். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு சுற்று. தினமும் பத்து மணி நேரம் ஓட்டி இரண்டு சுற்று முடிக்கிறோம். மணலும் லேட்டரலும் மாற்றி நான்காம் நாள், ஆழமான பக்கத்தில் டைல்ஸ் இடுக்கு தெரிந்தது.

பழைய பம்பைத் திருப்பி எடுக்கக் குளம் கட்டிக் கொடுத்தவர் மறுத்துவிட்டார், "யூஸ் பண்ணது சார்" என்று. புதுப் பம்பு, மணல், கூலி எல்லாம் என் கைக்காசு.

இதை இப்போது எழுதக் காரணம், எங்களுக்கு இரண்டு தோப்பு தள்ளி அதே ஆள் குளம் தோண்டுகிறார். கொட்டேஷனை வாங்கிப் பார்த்தேன். எங்களுடையதை விடக் கொஞ்சம் பெரிய குளம், அதே 20 இன்ச் ஃபில்டர், அதே 2 எச்.பி. மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று ஒரு இடத்திலும் இல்லை. அந்த வரியை எழுதி வாங்கின பிறகே அட்வான்ஸ் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.