அப்பாவின் வீடு வரும், கோயில் பதவி வருமா?

தமிழ்நாட்டில் அர்ச்சகர் இறந்தால், மகன் என்பதற்காக மட்டும் அந்த இடம் கிடைக்காது. அந்த வாரிசுரிமையை 1971-இல் வந்த சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால், நியமிக்கப்படுபவர் ஆகம விதிக்குப் பொருந்த வேண்டும். எனக்கு இது சரியாகவே படுகிறது. பூஜைக்குத் தகுதிதான் முக்கியம்.

பரம்பரை அறங்காவலர் பதவி வேறு மாதிரி. அறநிலையச் சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி அடுத்த வாரிசுக்கே உரிமை. அதற்காக அது வீட்டுமனை ஆகிவிடாது. கோயில் சொத்தில் கைவைத்தால் பதவியே போகும். இரண்டு மகன்கள் "எனக்குத்தான்" என்று மோதினால், அறநிலையத் துறை, நிர்வாகத்தைக் கவனிக்கத் தற்காலிகமாகத் தக்கார் ஒருவரை நியமிக்கலாம். பரம்பரை உரிமை உண்டா என்பதே தகராறானால், 63-ஆம் பிரிவின்கீழ் துறை அதிகாரி விசாரிப்பார். பழைய ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.