அடிக்கு ஒரு வரிசையா, பாட்டுக்கு ஒரு வரிசையா?

குறுந்தொகை 40, ‘யாயும் ஞாயும்’ பாட்டு. உரையோடு படமெடுத்த பக்கத்தைப் பாடல், சொற்பொருள், திரண்ட கருத்து என அட்டவணையாக்க இரண்டு வழிகள்.

அடிக்கு ஒரு வரிசை என்றால் சொற்பொருள் அழகாக உட்காரும்: யாய் – என் தாய், ஞாய் – உன் தாய். படத்தோடு ஒத்துப்பார்க்கவும் எளிது. ஐந்தடிப் பாட்டில் நாலு வரிசை வந்தால் ஓரடி விடுபட்டது தெரிந்துவிடும். சிக்கல் நாலாம் அடியில். ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற உவமைக்கு முடிவு அடுத்த அடியின் ‘கலந்தனவே’யில் இருக்கிறது. தனியே கருத்து எழுதினால் பாதி வாக்கியம்தான் மிஞ்சும்.

பாட்டுக்கு ஒரே வரிசை என்றால் கருத்து முழுதாக நிற்கும், ஆனால் சொற்பொருள் கட்டம் நீண்டு தொங்கும்.

நான் அடிவாரியாகவே பிரித்து, கருத்துக் கட்டத்தை மட்டும் ஐந்து வரிசைக்கும் இணைத்துவிடுவேன். எப்படியானாலும் பாடல் கட்டத்தில் ‘பெயனீர்’ அச்சிலுள்ளபடியே இருக்கட்டும். ‘பெயல் + நீர்’ என்ற பிரிப்பு சொற்பொருளுக்குரியது.