₹590 அபராதம் கட்டச் சொல்லி லிங்க் வந்தால்

"உங்கள் வாகனத்தின் மீது சலான் நிலுவையில் உள்ளது. இன்றைக்குள் கட்டாவிட்டால் லைசென்ஸ் முடக்கப்படும்." இப்படி ஒரு மெசேஜும் அடியில் ஒரு லிங்க்கும் வந்தால், முதலில் தொகையைப் பாருங்கள். ₹590 என்று இருக்கும், அல்லது அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொகை. தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாவிட்டால் ₹1,000. சட்டப்படியான அபராதங்கள் பெரும்பாலும் இப்படி முழு நூறுகளாகத்தான் இருக்கும். ₹590 சந்தேகத்துக்குரிய தொகை. "போனால் போகிறது" என்று நாம் யோசிக்காமல் கட்டிவிடுவோம் என்பதுதான் மோசடிக்காரர்கள் கணக்கு. அவர்களுக்கு வேண்டியது அந்த ₹590 இல்லை. உங்கள் கார்டு எண்ணும், பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்க எண்ணும், ஓடிபியும்.

மெசேஜில் வண்டி எண் சரியாக இருக்கிறதே என்று பலர் ஏமாறுகிறார்கள். வண்டி எண் தெருவில் போகிற எவருக்கும் தெரியும். அது ஆதாரமே ஆகாது.

லிங்க்கைப் படிக்கும் முறை இதுதான். https:// என்பதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை மட்டும் பாருங்கள். அந்தப் பகுதியின் கடைசி எழுத்துகளிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். உண்மையான முகவரி இது:

```
https://echallan.parivahan.gov.in
```

முடிவில் gov.in இருக்கிறது. அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும். 2023-லேயே சுற்றில் இருந்த போலி முகவரி echallanparivahan.in. நடுவில் இருந்த புள்ளியும் gov-உம் காணோம், அவ்வளவுதான் வித்தியாசம். parivahan.gov.in.xyz.com மாதிரி ஒன்று வந்தால் இன்னும் குழப்பும். ஆனால் கடைசியில் இருப்பது xyz.com, எனவே அது அரசுத் தளம் இல்லை. பூட்டுச் சின்னம் போலித் தளத்திலும் இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

இந்தப் போலிப் பக்கங்களில் எந்த வண்டி எண்ணைப் போட்டாலும் ஒரு சலான் வந்து நிற்கும். பணம் கட்டப் போனால் யுபிஐ, நெட் பேங்கிங் எதுவும் இருக்காது, கார்டு மட்டும்தான். ஓடிபி வந்ததும் அந்த வங்கி மெசேஜை முழுதாகப் படியுங்கள். எவ்வளவு தொகைக்கு என்று அதில் பெரும்பாலும் இருக்கும். பக்கத்தில் ₹590, மெசேஜில் வேறு தொகை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

உண்மையிலேயே சலான் இருக்கிறதா என்று பார்க்க மெசேஜே தேவையில்லை. மேலே உள்ள முகவரியை நீங்களே பிரவுசரில் அடியுங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரம் போலியாக இருக்கலாம். சலான் நிலையைப் பார்க்கும் பகுதியில் வாகன எண் என்பதைத் தேர்ந்தெடுத்து எண்ணைக் கொடுத்தால், எஞ்சின் அல்லது சேஸிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்து-எண்களைக் கேட்கும். அவை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கின்றன. தெருவில் போகிறவருக்குத் தெரியாத விவரம் இது. கேப்ட்சா போட்ட பிறகு போனுக்கு ஓடிபி வரலாம். அது உங்களைச் சரிபார்க்க மட்டும், அதில் பணத் தொகை எதுவும் இருக்காது.

சலான் இருந்தால் சலான் எண், எந்தக் குற்றம், இடம், நேரம் எல்லாம் வரும். கேமரா பிடித்தது என்றால் பெரும்பாலும் போட்டோவும். போட்டோவில் இருப்பது உங்கள் வண்டிதானா என்று பாருங்கள், நம்பர் பிளேட்டைத் தவறாகப் படித்த சலான்களும் உண்டு. விற்றுவிட்டுப் பெயர் மாற்றாத வண்டியின் சலானும் உங்கள் பெயரிலேயே வரும். கட்டாமல் விட்ட சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் vcourts.gov.in தளத்தில் தேட வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் மெசேஜில் வந்த லிங்க்கில் கட்டாதீர்கள். சலான் பதிவேறத் தாமதமாகலாம், சில நாள் கழித்து அதே தளத்தில் மறுபடி பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் "RTO Challan.apk" என்ற ஃபைலாக வருவது இன்னும் மோசம். .apk என்பது போனில் ஆப்பை நிறுவும் ஃபைல், எந்த அரசுத் துறையும் சலானை அப்படி அனுப்பாது. நிறுவினால் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் ஓடிபி எல்லாம் அவர்களுக்கே போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே ஏரோப்ளேன் மோடு, வைஃபையும் ஆஃப். வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசி கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. சில ஆப்கள் ஐகானை மறைத்துக்கொள்ளும் என்பதால், போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவது நல்லது.