முதல் வருட போஸ்டர்: ஒரே படமா, மாதம் மாதமா, முகத்தைத் தொடாமலா?

தங்கை மகளுக்கு முதல் பிறந்த நாள் வருகிறது, பன்னிரண்டு மாத போஸ்டர் வேண்டும் என்றாள். தெளிவாக இருந்த படங்கள் ஐந்துதான்: 2, 4, 6, 9, 11 மாதங்களில் எடுத்தவை. ஏஐ வைத்து மூன்று விதமாகச் செய்து பார்த்தேன்.

ஐந்தையும் கொடுத்து முழு போஸ்டரையும் ஒரே தடவையில் கேட்பது முதல் வழி. சீக்கிரம் முடியும், தள்ளி நின்று பார்த்தால் அழகாகவும் இருக்கும். கிட்டே போனால் பன்னிரண்டு கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே முகம், ஏழெட்டு மாதக் குழந்தை மாதிரி. எல்லா வயதையும் கலந்து நடுவாந்தரமாக ஒன்றைப் போட்டுவிடுகிறது. மூன்றாம் மாதக் கட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், சிரிப்பில் மேல்வரிசைப் பல் வேறு. திருஷ்டிப் பொட்டு ஒரு கட்டத்தில் இடது கன்னத்தில், அடுத்ததில் வலது கன்னத்தில். அச்சிலும் சிக்கல்தான்: எனக்குக் கிடைத்த படம் 1024×1536 பிக்சல், அதை மூன்றுக்கு நான்காகப் பிரித்தால் ஒரு கட்டத்தின் அகலம் 341 பிக்சல். A3 தாளில் அது பத்து சென்டிமீட்டருக்கு விரியும்போது கண் இமையெல்லாம் குழம்பிவிடும்.

மாதத்துக்கு ஒரு படமாகக் கேட்பது இரண்டாவது. இது எவ்வளவோ மேல், ஆனால் பக்கத்து மாதப் படங்களை மட்டும்தான் கொடுக்க வேண்டும். ஐந்தாம் மாதத்துக்கு 4, 6 இரண்டும் போதும். "குப்புறப் படுத்து, முன்கைகளை ஊன்றித் தலையைத் தூக்கியிருக்கிறாள், பல் இல்லை, பொட்டு அவளுடைய இடது கன்னத்தில்" என்று உடம்பின் நிலையையும் எழுதிவிடுங்கள். ஏஐ தந்த படத்தையே அடுத்த மாதத்துக்கு மாதிரியாகக் கொடுத்துவிடாதீர்கள், நான்காவது சுற்றிலேயே நிறம் வெளுத்து, கண் பெரிதாகி, வேறு வீட்டுக் குழந்தை ஆகிவிட்டாள். காது மடலையும் நெற்றி முடி தொடங்கும் இடத்தையும் அசல் படத்தோடு வைத்துப் பாருங்கள், மாறியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

மூன்றாவது, அசல் படத்திலிருந்து குழந்தையை வெட்டியெடுத்து, பின்னணியை மட்டும் ஏஐயில் உருவாக்குவது. முகத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. வெளிச்சம்தான் படுத்தும்: ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழுந்த படத்துக்கு, பின்னணியிலும் இடமிருந்தே வெளிச்சம் வரச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒட்டவைத்தது அப்பட்டமாகத் தெரியும். மாதப் பெயர்களை நான் கடைசியில் தனியாகத்தான் தட்டச்சு செய்தேன், ஏஐ வரைந்த தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன.

என் தேர்வு மூன்றாவதுதான். படமே இல்லாத மாதத்துக்கு மட்டும் இரண்டாவது என்று முடிவு செய்து, எட்டாம் மாதத்தை அப்படித்தான் தங்கையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த கவுன் நம்மகிட்ட இல்லையே அண்ணா" என்றாள். அப்புறம் அவள் போனிலேயே தேடி, எட்டாம் மாதத்தில் தவழும் வீடியோ ஒன்றை எடுத்தோம். நிமிர்த்திப் பிடித்து எடுத்த 1080 பிக்சல் அகல வீடியோ. ஆட்டமில்லாத ஒரு ஃப்ரேம் அந்தக் கட்டத்துக்கு அச்சில் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. மீதி மாதங்களுக்கும் இப்போது வீடியோக்களைத்தான் துழாவிக்கொண்டிருக்கிறோம்.