டெரெய்லரா, ஹப் கியரா: பற்சக்கரத் தொடர் ஸ்லைடில் எந்த சைக்கிள்?

இயந்திர வடிவமைப்புப் பாடத்தில் பற்சக்கரத் தொடர் வந்தால், முதல் ஸ்லைடில் கியர் சைக்கிள் படம் ஒன்று வந்துவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முன் பற்சக்கரத்தில் 48 பல், பின் பற்சக்கரத்தில் 16 பல், 'விகிதம் 3' என்று பெரிதாகப் போட்டேன். அடுத்த ஸ்லைடில் வேக விகிதத்தின் வரையறை இருந்தது: இயக்கும் சக்கரத்தின் வேகத்தை இயக்கப்படும் சக்கரத்தின் வேகத்தால் வகுத்தால் வருவது.

N1 / N2 = T2 / T1

இதில் N வேகம், T பல் எண்ணிக்கை; 1 இயக்கும் சக்கரம், 2 இயக்கப்படும் சக்கரம்.

ஒரு மாணவர் கையைத் தூக்கி, "சார், இதன்படி 16/48, மூன்றில் ஒன்றுதானே வருகிறது?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. சைக்கிள் ஓட்டுபவர்கள் சொல்லும் 3 என்பது முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தது. வரையறையில் இருப்பதற்குத் தலைகீழ். பாடத்தில் அதற்குத் தொடர் மதிப்பு என்று தனிப் பெயரே உண்டு. ஆக, எந்த சைக்கிளைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் ஸ்லைடிலேயே இரண்டு எண்ணையும் அருகருகே எழுதி, இனி எதைப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். கீழே நான் சொல்லும் எண்கள் எல்லாம் தொடர் மதிப்பு, அதாவது கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது.

இந்தக் குழப்பம் வெறும் பெயர்ச் சண்டையும் இல்லை. வகுப்பில் வரும் பெரும்பாலான கணக்குகள் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் கியர்பெட்டிகள். சைக்கிள் அதற்கு நேர் எதிர். 170 மி.மீ. கிராங்கின் மேல் 200 நியூட்டன் விசையில் மிதித்தால் கிராங்கில் 34 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை. 48/16 கியரில் பின்சக்கரத்துக்குப் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 11.3 தான். விடைத்தாளில் 102 என்று வந்திருந்தால் மாணவர் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

இனி எந்த சைக்கிள் என்ற கேள்வி. போட்டியில் இருப்பது இரண்டு. ஒன்று டெரெய்லர் சைக்கிள்: முன்னால் இரண்டு, பின்னால் ஏழெட்டு என்று பற்சக்கரங்கள் வெளியே அடுக்கியிருக்கும், செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மற்றது பின்சக்கரத்தின் ஹப்புக்குள் பற்சக்கரங்களை ஒளித்து வைத்திருக்கும் மூன்று வேக சைக்கிள். இதில் நன்கு அறியப்பட்டது 1936-ல் வந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப்.

டெரெய்லரின் பலம், எல்லாமே கண்ணுக்குத் தெரிவது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு ஆரக்கம்பியில் வண்ண டேப் ஒட்டி, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் டேப் மூன்று முறை வந்து போகும். இதற்கு ஸ்லைடே தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கையை வேகமாகச் சுழற்றினால் ஃப்ரீவீல் விட்டுவிடும், கிராங்க் நின்ற பிறகும் சக்கரம் ஓடும், மூன்றரை, நான்கு என்று எண்ணிக்கை வரும். டயரின் மேல் ஒரு கையை லேசாக அழுத்திக்கொண்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். வீடியோ எடுத்து ஸ்லைடில் போடுபவர்கள் இதைத்தான் அடிக்கடி தவறவிடுகிறார்கள்.

ஆனால் டெரெய்லர் கண்டிப்பாகச் சொன்னால் பற்சக்கரத் தொடரே அல்ல, செயின் இயக்கம். இந்த வேறுபாடு மூன்று இடத்தில் தலைகாட்டும்.

முதலாவது திசை. நேரடியாகப் பல்லோடு பல் பொருந்தும் இரண்டு வெளிப்பற்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும். செயினில் இரண்டும் ஒரே திசையில். 'இரண்டு சக்கரம் என்றால் திசை மாறும்' என்ற விதியை சைக்கிள் படத்துக்குக் கீழே எழுதினால் அது பச்சைப் பொய். அதே சமயம், டெரெய்லரில் தொங்கும் இரண்டு சிறு சக்கரங்களைப் பாருங்கள். கீழே இருப்பது பின் பற்சக்கரத்தின் திசையிலேயே சுழலும், மேலே இருப்பது எதிர்த் திசையில் சுழலும். காரணம், செயின் மேல் சக்கரத்தை மட்டும் தன் வெளிப்பக்கத்தால் தொட்டுக்கொண்டு போகிறது. இந்த இரண்டு சக்கரங்களிலும் எத்தனை பல் இருந்தாலும் விகிதம் 3 தான். இடையில் வரும் சக்கரம் விகிதத்தைத் தொடாது என்பதை இதைவிட மலிவாகக் காட்ட முடியாது. பல வருடம் பாடம் எடுத்த பிறகுதான் நானே இதைக் கவனித்தேன்.

இரண்டாவது, விட்டம். நேர்ப்பற்சக்கரத்தில் மாட்யூலைப் பல் எண்ணிக்கையால் பெருக்கினால் பிட்ச் விட்டம். எனவே விட்ட விகிதமும் பல் விகிதமும் ஒன்றே. சைக்கிள் செயினின் இணைப்புத் தூரம் 12.7 மி.மீ. அந்த இணைப்புகள் நேர்க்கோட்டுத் துண்டுகளாகச் சக்கரத்தில் படிவதால், 48 பல்லுக்கு விட்டம் சுமார் 194.2, 16 பல்லுக்கு 65.1 மி.மீ. என்று வரும். வகுத்தால் 2.98. அளந்து பார்த்த மாணவர் 'ஏன் 3 வரவில்லை?' என்று கேட்டால் அவர் அளவுகோலைக் குறை சொல்லாதீர்கள். விகிதத்தை முடிவு செய்வது பல் எண்ணிக்கைதான், விட்டம் அல்ல.

மூன்றாவதும் அதே காரணத்தின் விளைவு. பலகோணமாகச் சுற்றும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். 11 பல் சக்கரத்தில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 4 சதவீதம். இன்வால்யூட் பற்சக்கரத்தில் ஒவ்வொரு கணமும் விகிதம் மாறாது. செயினில் சராசரி மட்டுமே மாறாது. சைக்கிளை வைத்துக்கொண்டு 'சீரான வேக விகிதம்' என்ற ஸ்லைடுக்குத் தாவாமல் இருப்பது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம்: விளம்பரக் கணக்கு. முன்னால் 50, 34 இரண்டும், பின்னால் எட்டும் இருந்தால் 16 கியர் என்பார்கள். 34/17 என்பது 2.00, 50/24 என்பது 2.08. மிதிப்பவர் காலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 16 விகிதத்தையும் ஒரு அட்டவணையில் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னால் மாணவர்களே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, ஹப் கியருக்கு வருவோம். அதன் குறை தெரிந்ததுதான்: வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தடித்த ஹப், அவ்வளவே. வெட்டுப்படம் இல்லாமல் ஸ்லைடில் வைத்தால் யாருக்கும் எதுவும் புரியாது. ஆனால் உள்ளே இருப்பது அசல் பற்சக்கரத் தொடர், அதுவும் கோள்வகை. அச்சோடு அசையாமல் நிற்கும் சூரியச் சக்கரம் 20 பல். அதைச் சுற்றி 20 பல் கொண்ட நான்கு கோள் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கூடு. வெளியே 60 உட்பல் கொண்ட வளையம். 20 + 20 + 20 = 60 என்று விட்டங்கள் பொருந்துகின்றன, சூரியன், வளையம் இரண்டின் பற்களையும் கூட்டி வரும் 80-ஐ நான்கால் வகுத்தால் முழு எண் வருவதால் கோள்கள் சம இடைவெளியில் உட்காருகின்றன. புத்தகக் கணக்குக்காகவே செய்தது போன்ற எண்கள்!

அட்டவணை முறையில் போட்டால் இப்படி:

| நிலை | கூடு | சூரியன் | வளையம் |
|---|---|---|---|
| கூடு நிற்க, வளையம் x சுற்று | 0 | −3x | x |
| எல்லாம் சேர்ந்து y சுற்று | y | y | y |
| கூட்டல் | y | y − 3x | x + y |

சூரியன் அசையாது, ஆக y = 3x. கூடு 3x சுற்றும்போது வளையம் 4x சுற்றுகிறது. செயின் கூட்டைச் சுழற்றி, வளையம் ஹப்பைச் சுழற்றினால் 4/3: இது வேகமான கியர். செயின் வளையத்தைச் சுழற்றி, கூடு ஹப்பைச் சுழற்றினால் 3/4: இது ஏற்றத்துக்கான கியர். நடுக் கியரில் செயின் பற்சக்கரமும் ஹப்பும் ஒரே வேகத்தில் போகும், 1. மூன்று கியருக்கும் ஒரே அட்டவணை போதும். மாறுவது எது உள்ளீடு, எது வெளியீடு என்பது மட்டுமே. கோள்களின் பல் எண்ணிக்கை கணக்கில் எங்குமே வரவில்லை என்பதையும் சுட்டிக்காட்டலாம். டெரெய்லரின் சிறு சக்கரங்களைப் போல இவையும் நடுவில் நிற்பவைதான்.

இங்கே ஹப்புக்கு இன்னொரு ஆதாயம். அதற்கு முன்னால் ஒரு செயின் கட்டமும் இருக்கிறது. முன்னால் 48, ஹப்பில் 18 என்றால் 2.67. இதை ஹப்பின் விகிதத்தால் பெருக்கினால் மொத்தம் 2.00, 2.67, 3.56. கூட்டுத் தொடரில் கட்டங்களின் விகிதங்களைப் பெருக்க வேண்டும், கூட்டக்கூடாது என்பதற்கு நேரடி உதாரணம். சோதித்துக் காட்ட கிராங்கை 9 சுற்று சுற்றச் சொல்லுங்கள்: பின்சக்கரம் 18, 24, 32 சுற்று சுற்றும். பின்னமே வராது. அப்புறம், ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் 4/3 மடங்கு. கியர்பெட்டி வடிவமைப்பில் வரும் பெருக்குத் தொடருக்கு இதையே கொண்டுபோகலாம். டெரெய்லரின் பின் அடுக்கில் 11-லிருந்து 13 போவது 18 சதவீத மாற்றம், 19-லிருந்து 21 போவது 10.5 சதவீதம்தான், அங்கே படிகள் சீராக இல்லை.

வகுப்பில் ஹப் சைக்கிள் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இந்த ஹப்பில் எதுவும் பிடிக்காத நிலை ஒன்று இருக்கிறது. கேபிள் இழுவை சரியில்லை என்றால் கிராங்க் சும்மா சுற்றும், சக்கரம் நிற்கும். என் கையில் ஒருமுறை இப்படி ஆகி, 'விகிதம் பூஜ்யமா சார்?' என்று கிண்டல் வாங்கினேன். வகுப்புக்குப் போகுமுன் மூன்று கியரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது என் ஸ்லைடுகளில் டெரெய்லர் மூன்று ஸ்லைடோடு நின்றுவிடுகிறது: வரையறை, டேப் ஒட்டிய சக்கரம், இடைச் சக்கரம். அதற்கப்புறம் எல்லாம் ஹப். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் ஹப்பையே வைப்பேன். அதன் செயின் கட்டத்தை வைத்தே வரையறையையும் சொல்லிவிடலாம், ஆனால் டெரெய்லருக்குள் கோள் தொடர் கிடையாது. வெட்டுப்படம் கிடைக்காவிட்டால் மட்டும் இந்த முடிவு மாறும். அப்போது சூரியன், நான்கு கோள், வளையம் என்று மூன்று வண்ணத்தில் நாமே வட்டங்களாக வரைந்து, அசையாத சூரியச் சக்கரத்தைப் பின்னணி நிறத்திலேயே தீட்டிவிடுவது உதவும். இல்லையென்றால் சூரியனுக்குப் பதில் வளையத்தை நிறுத்திக் கணக்குப் போட்டு, கூட்டை விடச் சூரியன் நான்கு மடங்கு வேகம் என்று விடை எழுதிவிடுகிறார்கள். கணக்கு தப்பில்லை, ஆனால் அது வேறு கியர்பெட்டி.